செட்டிநாட்டு கல்யாண மண்டபத்துக்கு லோகோ: ஆத்தங்குடி கல்லுல இருந்து ஆரம்பிப்போம்

காரைக்குடி பக்கம் ஒரு பழைய மண்டபத்தை புதுப்பிச்சப்போ போர்டு, தாம்பூலப்பை, இன்ஸ்டா பக்கம் எல்லாத்துக்கும் ஒரே அடையாளம் வேணும்னு கேட்டாங்க, அதை எப்படி பண்ணோம்னு வரிசையா சொல்றேன், முதல் தடவை பண்றவங்களுக்கு உதவும்.

முதல் வேலை கம்ப்யூட்டர் இல்ல, ஒரு பேப்பர். லோகோ எங்கெல்லாம் வரப்போகுதுன்னு எழுதுங்க. எங்களுக்கு வந்தது நாலு: ரோட்டு ஆர்ச், மஞ்சள் துணிப்பை, பத்திரிகை ஓரம், போன்ல வர்ற சின்ன வட்டம். இதுல ரொம்ப கஷ்டமானது பையும் வட்டமும்தான், அதனால டிசைனை அங்க இருந்து ஆரம்பிச்சோம், ஆர்ச்சுல எது வச்சாலும் அழகா தெரியும், அதை நம்பி ஏமாறாதீங்க.

ரெண்டாவது, உருவம். செட்டிநாடுன்னா எல்லாரும் பர்மா தேக்குத் தூணையும் கஜலட்சுமியையும் தூக்கிட்டு வருவாங்க. தூணை சின்னதாக்கினா வெறும் ரெண்டு கோடுதான் மிஞ்சும். கஜலட்சுமி வச்சா எல்லா மதத்துக்காரங்களுக்கும் வாடகைக்கு விடுற மண்டபத்துக்கு சரிவராது. நாங்க எடுத்தது வளவுல, அதாவது நடு முற்றத்தைச் சுத்தின தரையில, பதிச்சிருந்த ஆத்தங்குடி கல்லு. அது கண்ணாடி மேல தகர அச்சை வச்சு, கலர் கலந்த சிமென்ட் பாலை ஒவ்வொரு அறையா கையால ஊத்தி செய்றது. அதனால அதுல ஷேடே கிடையாது, கலர்கள் தனித்தனி கட்டமா நிக்கும், ஓரம் மட்டும் லேசா கலங்கியிருக்கும். லோகோவுக்கு இதைவிட என்ன வேணும்!

மேல இருந்து நேரா போட்டோ எடுங்க. நிறைய டிசைன்ல நாலு கல்லு சேர்ந்தாதான் ஒரு பூ, அதனால ஒரு கால்வாசியை வரைஞ்சா போதும். இங்க்ஸ்கேப்ங்கற படம் வரையற சாஃப்ட்வேர்ல அதை செலக்ட் பண்ணி மறுபடி ஒரு க்ளிக், சுத்துற அம்புக்குறி வரும், நடுவுல இருக்கற கூட்டல் குறியை பூவோட நடு வர்ற மூலைக்கு இழுத்து வைங்க, Ctrl+D அடிங்க, Ctrl-ஐ பிடிச்சுக்கிட்டே 90 டிகிரி சுத்துங்க, இன்னும் ரெண்டு தடவை அதே மாதிரி. பூ ரெடி.

இங்கதான் அடி வாங்கினோம். ஓனர் அண்ணன் வீட்டு ஆச்சிகிட்ட காட்டி "இது என்னன்னு தெரியுதா ஆச்சி?"ன்னு கேட்டேன். "நம்ம வீட்டுத் தரையில்ல"ன்னாங்க, சந்தோஷம். காலேஜ் படிக்கிற பேத்தி பாத்துட்டு "ஹெரிடேஜ் ஹோட்டலாண்ணே?"ன்னு கேட்டுச்சு. கரெக்ட்தான, இந்த ஏரியாவுல ஹோட்டல்காரங்க எல்லாம் இதே கல்லைத்தான் காட்டுறாங்க. அதனால "பிடிச்சிருக்கா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்லுவாங்க, "இது என்ன இடம்?"னு கேளுங்க. கடைசியில பூவோட நடுவுல இருந்த வட்டத்தை எடுத்துட்டு, குத்துவிளக்கை மேல இருந்து பாத்தா தெரியுற அஞ்சு முகத்தை வச்சோம். நாலு இதழுக்குள்ள அஞ்சு முனை உக்காராம படுத்துச்சு, விளக்கை சின்னதாக்கி சுத்தி இடம் விட்டதும் சரியாயிருச்சு. ஆச்சிக்கு விளக்கு, பேத்திக்கு நட்சத்திரம், ரெண்டு பேருமே கல்யாணம்னு சொன்னாங்க.

மூணாவது, எழுத்து. பேரு 'மனை'ன்னு முடியும். 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முந்தி படிச்ச அந்த வீட்டு ஐயா, யானைத் தும்பிக்கை மாதிரி வளையுற பழைய னை-தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. அழகுதான், ஆனா பேரப்பசங்களுக்கு அது என்ன எழுத்துன்னே புரியல. ரோட்டுல வண்டியில போறவன் ஒரு நொடியில படிக்கணும், அதனால ஆர்ச்சுல இப்ப உள்ள னை, உள்ள முகப்புல பதிச்ச கல்வெட்டுல பழையது, அங்க நின்னு படிக்க நேரம் இருக்கு. ரெண்டுமே போர்டு எழுதுற ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர் பிரஷ்ல எழுதுனது, ஒரே கையா இருந்ததால ஒட்டிப்போச்சு.

கலருக்கு கண்டாங்கி சேலையைப் பாத்தோம்: அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு. கல்யாண போர்டுல கறுப்பு ஆகாதுன்னு ஆச்சி ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க. மஞ்சப்பையில கடுகு மஞ்சள் காணாமப் போயிரும், அதுவும் போக ஸ்கிரீன் பிரிண்ட்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன், தனி காசு. அதனால அரக்கு ஒண்ணுல மட்டும் நிக்கிற மாதிரி ஒரு வடிவம் முதல்ல பண்ணுங்க, மஞ்சளை ஆர்ச்சுக்கு அப்புறமா சேத்துக்கலாம்.

மொத்தமா ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு பை அடிச்சு வாங்குங்க. எங்க முதல் பையில இதழுக்கு நடுவுல இருந்த மெல்லிசு இடைவெளி எல்லாம் மை பரவி அடைஞ்சு, பூ வெறும் பொட்டு மாதிரி ஆயிருச்சு. இடைவெளியை ரெண்டு மடங்கா அகலமாக்கி, உள்கோட்டை எல்லாம் எடுத்துட்டு ஒரு எளிய வடிவம் தனியா சேவ் பண்ணோம், போன் வட்டத்துக்கும் இப்ப அதுதான் ஓடுது.