ஊர்க் கடனை கோலாலம்பூரிலிருந்து அடைப்பவர்கள் கோட்டை விடும் இடங்கள்

ஊரில் வாங்கிய தனிநபர் கடனை மலேசியச் சம்பளத்தில் முன்கூட்டியே அடைக்க நினைப்பவர்கள், கடனை மூட எவ்வளவு கட்ட வேண்டும் என்று வங்கி அனுப்பும் ஃபோர்குளோஷர் அறிக்கையில் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, லெபோ அம்பாங்கில் உள்ள பணம் அனுப்பும் கடைகளில் பணம் கட்டப் போய்விடுகிறார்கள். அந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்பதையும் அதே தாளில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மீதி அசல் 3,00,000 ரூபாய், வட்டி ஆண்டுக்கு 14 விழுக்காடு. 5-ஆம் தேதி கடைசித் தவணை போயிருக்கிறது. அறிக்கை 20-ஆம் தேதிவரை செல்லும். இடைப்பட்ட 15 நாளுக்கு, நாளொன்றுக்கு 115 ரூபாய் வீதம், வட்டி சுமார் 1,726. முன்அடைப்புக் கட்டணம் 4 விழுக்காடு என்றால் 12,000. அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2,160. ஆக 3,15,886 ரூபாய். கட்டண விழுக்காடு உங்கள் கடன் ஒப்பந்தத்தில் உள்ளதுதானா, அது மீதி அசலுக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறதா என்று ஒத்துப்பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய பணம் வார விடுமுறை தாண்டி 23-ஆம் தேதிதான் சேர்கிறது என்று வையுங்கள். மூன்று நாள் வட்டி, 345 ரூபாய், குறைகிறது. இந்தச் சில்லறைக்காகக் கடன் மூடப்படாமல் நிற்கலாம். அடுத்த 5-ஆம் தேதி தானியங்கிப் பற்று வழக்கம்போல் வரும்; கணக்கில் பணம் இல்லாவிட்டால் திரும்பிப் போய், அபராதமும் சேரும். ஆகவே முதலில் ஊரிலுள்ள உங்கள் சேமிப்புக் கணக்குக்குப் பணத்தைக் கொண்டுசேர்த்துவிட்டு, அதன்பிறகு அறிக்கை கேட்டு, அங்கிருந்தே கட்டுங்கள். தவணைத் தேதிக்கு மிக அருகில் அடைக்கவும் வேண்டாம். முன்பே அனுப்பப்பட்ட பற்று ஆணையால் ஒரு தவணை கூடுதலாகப் போய்விட்டால், அதைத் திரும்பப் பெற நீங்கள்தான் அலைய வேண்டும். பற்று ஆணையைக் கடன் மூடப்படும் முன்பே ரத்துசெய்வதும் தவறுதான்.

பணம் கட்டிய ரசீதையே நிலுவையில்லாச் சான்றிதழாக எண்ணி வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ரசீது பணம் வந்ததை மட்டுமே சொல்லும். சான்றிதழில் கடன் கணக்கு எண், மூடப்பட்ட தேதி, இனி பாக்கி எதுவும் இல்லை என்ற வரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். 'பணம் கைக்கு வந்துசேரும் பட்சத்தில்' என்று நிபந்தனை போட்ட கடிதத்தை இறுதியானதாக ஏற்காதீர்கள். மீதி பூஜ்யம் என்று காட்டும் கணக்கு அறிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள்.

சில வாரம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்து, அந்தக் கடனின் நிலை 'Closed' என்று இருக்கிறதா பாருங்கள். 'Settled' என்று இருந்தால், வங்கி உங்களுக்குத் தள்ளுபடி கொடுத்து முடித்துக்கொண்டதாகப் பொருள். முழுவதும் கட்டியவருக்கு அது அநியாயம். சான்றிதழை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். புகார் 30 நாளில் தீராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.