டீக்கடை கஃபேயாக வளரும் கதை: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலையோரத்தில் டீக்கடை நடத்தும் ஒருவர் அதை மெல்ல மெல்ல ஒரு சிறிய கஃபேயாக வளர்த்தெடுப்பதைச் சிறுகதை எழுதப் பழகுகிறவர்கள் விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறுவது ‘மெல்ல மெல்ல’ என்ற இரண்டு சொற்களில்தான். பல ஆண்டுகளில் நடந்த வளர்ச்சியைச் சில பக்கங்களுக்குள் சொல்லியாக வேண்டும். ஆனால் படிப்பவருக்கு அது அவசரமாகவும் தோன்றக் கூடாது. சிறுகதை என்பது அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள், ஒரே அமர்வில் படித்து முடிக்கத்தக்கதாகவும் மனத்தில் ஒரே விளைவை உண்டாக்குவதாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் ஒரு மதிப்புரையில் எழுதினார். அந்த வரையறைக்குள் பத்தாண்டுகளைக் கொண்டுவரப் பார்க்கும்போதுதான் முதல் தவறு நிகழ்கிறது.

அந்தத் தவறு, ஆண்டுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவது. அண்மையில் நான் படித்துக் கருத்துச் சொன்ன ஒரு கையெழுத்துப் படியில், முதல் பக்கத்தில் தள்ளுவண்டி இருந்தது, இரண்டாம் பக்கத்தில் கொட்டகை வந்தது, மூன்றாம் பக்கம் ‘காலம் உருண்டோடியது’ என்று தொடங்கியது, நான்காம் பக்கத்தில் கண்ணாடிக் கதவு திறந்தது. ஒவ்வொரு படியும் நம்பக்கூடியதுதான். ஆனால் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு அந்த மனிதர் ஏன் போனார் என்பது எங்குமே இல்லை. உழைத்தார், உயர்ந்தார் என்ற இரண்டு சொற்களைத் தவிர எழுதியவரிடம் வேறு காரணம் இல்லாததால்தான் காலம் உருண்டோட வேண்டியிருந்தது என்று எனக்குத் தோன்றியது.

டீக்கடையின் வளர்ச்சிக்கான காரணங்கள் அந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கின்றன. எழுதுகிறவர் ஒரு நாள் காலை நெரிசலில் கடையோரம் நின்று கவனித்தால் போதும், அவை கண்ணில் படும். கடைக்காரரிடம் பத்துக் கிளாஸ்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிளாஸில் டீ ஊற்றி, வாங்கியவர் குடித்து முடித்து, அது வாளிக்குத் திரும்பி, கழுவப்பட்டு மறுபடி பலகைக்கு வர எட்டு நிமிடங்கள் ஆகின்றன. அப்படியானால் அரை மணி நேரத்தில் அவரால் முப்பத்தேழு பேருக்குத்தான் டீ கொடுக்க முடியும். ஐம்பது பேர் வந்தால் பதின்மூன்று பேர் காத்திருந்துவிட்டுப் போய்விடுவார்கள். பாத்திரத்தில் டீ கொதித்துக்கொண்டிருக்கிறது, வாங்க ஆளும் நிற்கிறது. இல்லாதது ஊற்றிக் கொடுக்கக் கிளாஸ். திரும்பிப் போகும் முதுகுகளை அவர் ஒரு வாரம் பார்க்கிறார், பிறகு இன்னும் பத்துக் கிளாஸ்கள் வாங்குகிறார். கதையின் முதல் வளர்ச்சி இதுதான். இது ஒரு காட்சி, இதற்கு ஆண்டுக் கணக்கு தேவையே இல்லை.

கிளாஸ் தட்டுப்பாடு தீர்ந்ததும் அடுப்பு போதாமல் போகிறது, ஒரு பாத்திரம் கொதித்து முடியும் வரை இருபது கிளாஸ்களும் காலியாகக் காத்திருக்கின்றன. இரண்டாவது அடுப்பு வைத்தால், ஊற்றுவது, கழுவுவது, காசு வாங்குவது ஆகிய மூன்றுக்கும் இரண்டு கைகள் போதவில்லை. ஆள் வைத்தால், அவருக்குச் சம்பளம் தர மதிய நேரத்திலும் வியாபாரம் வேண்டும். மதியத்தில் வருகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி உட்கார இடம் கேட்கிறார்கள். ஒரு முட்டு நீங்கினால்தான் அடுத்த முட்டு கண்ணுக்குத் தெரிகிறது. ‘மெல்ல மெல்ல’ என்பதன் உண்மையான பொருள் இதுவே என்பதால், இந்த முட்டுகளில் மூன்றை மட்டும் எடுத்து மூன்று காட்சிகளாக எழுதினால், இடையில் போன ஆண்டுகளைப் படிப்பவரே நிரப்பிக்கொள்வார்.

இந்த உள்காரணத்தைத் தேடாதவர்கள் வெளியிலிருந்து ஓர் உதவியைக் கொண்டுவருகிறார்கள். டீ குடிக்க வந்த பெரிய மனிதர் சுவையில் மயங்கிப் பணம் கொடுக்கிறார், அல்லது யாரோ எடுத்த காணொளி பரவிக் கூட்டம் குவிகிறது. வாழ்க்கையில் அப்படி நடக்காமல் இல்லை. ஆனால் கதையில் அது வந்த கணமே கடைக்காரர் தன் கதையிலிருந்து விலக்கப்பட்டுவிடுகிறார். அதன்பின் அவர் எடுக்கும் எந்த முடிவுக்கும் எடை இருப்பதில்லை.

அடுத்த தவறுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. நன்றாக எழுதக்கூடியவர்களும் அதைச் செய்கிறார்கள். கஃபே என்பதைப் பெரிதாகிவிட்ட டீக்கடை என்று எண்ணி, திறப்பு விழாவோடு கதையை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இவை இரண்டும் வெவ்வேறு தொழில்கள். சாலையோரத்தில் நின்று குடிப்பவர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். நாற்காலியில் உட்கார்ந்தவர் நாற்பது நிமிடம் எழுந்திருக்க மாட்டார். பன்னிரண்டு நாற்காலிகள் நிறைந்தே இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். பத்துக் கிளாஸ்களோடு இருந்தபோது அதே ஒரு மணி நேரத்தில் எழுபத்தைந்து பேருக்குக் கொடுத்தவர் அவர். இப்போது வாடகையும் மின்கட்டணமும் சேர்ந்திருக்கும் நிலையில், உட்காரும் ஒவ்வொருவரிடமிருந்தும் முன்பு நான்கு பேரிடம் பெற்றதற்கும் கூடுதலாகப் பெற்றால்தான் பழைய வரவே வரும். எனவே விலை ஏறும், டீயோடு தின்ன ஏதாவது விற்றாக வேண்டும். முன்பு வாசலில் நின்றவர்கள் கதவைத் தள்ளி உள்ளே வரத் தயங்குவார்கள். கதை உண்மையில் சூடுபிடிப்பது இங்கேதான். திறப்பு விழாவில் முடித்துவிட்டால் இந்தப் பகுதி எழுதப்படாமலே போய்விடுகிறது.

கணக்கை இவ்வளவு விரிவாகச் சொன்னேனே என்று அதையெல்லாம் கதைக்குள் எழுதிவிடவும் கூடாது. எழுபத்தைந்து, பதினெட்டு என்ற எண்கள் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் வர வேண்டியது, நான்கு மேசைகளும் நிரம்பியிருக்கும்போதே கல்லாப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் ஓசையின்றி மூடுவது மட்டும்தான்.

மேலே சொன்ன கையெழுத்துப் படியை எழுதியவரிடம் இதையெல்லாம் பேசியபின் அவர் கதையைத் திருத்தி எழுதினார். காலம் உருண்டோடிய பக்கம் போயிற்று, கிளாஸ் வாங்கும் காட்சி வந்தது. இறுதியில் ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. கஃபேயின் சுவரில் பழைய கிளாஸ் ஒன்றை நினைவுச் சின்னமாக மாட்டிவைத்து, அதைப் பார்த்துக் கடைக்காரர் கண்கலங்குவதாக முடித்திருந்தார். கடந்து வந்த தூரத்தைக் கதாபாத்திரமே திரும்பிப் பார்த்துப் படிப்பவருக்குச் சுட்டிக்காட்டும் இத்தகைய முடிவு, அதுவரை காட்சிகள் செய்த வேலையை மறுபடி செய்கிறது. அந்த மனிதரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுகிறது. அவர் இன்னமும் கடை நடத்துகிறவர்தான் என்பதை எழுதியவருக்கு நினைவூட்டினேன்.

மூன்றாம் முறை அனுப்பியபோது முடிவு மாறியிருந்தது. சாலையோரக் காலத்தில் நாள்தோறும் வந்துகொண்டிருந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர், கஃபே வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். திரும்பிப் போகும் முதுகைக் கடைக்காரர் மறுபடியும் பார்க்கிறார். அன்றிரவு கடை சாத்தியபின், தெருவைப் பார்த்த சுவரின் முன் நின்று, நின்றபடி டீ வாங்க ஒரு சன்னல் திறக்க இடம் போதுமா என்று அவர் சாண் வைத்து அளக்கிறார்.