மாதவிடாய் வலி: மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள்

கருப்பையை இறுக்கிப் பிடிக்கவைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே சுரக்கும் வேதிப்பொருள். அது பெருகியபின் மாத்திரை போட்டால் வலி எளிதில் அடங்காது. அதனால் வலி தொடங்கும்போதே, சாப்பிட்டவுடன் இபுபுரூஃபன் 400 மி.கி. போடுங்கள், தேவைப்பட்டால் 8 மணி நேரம் கழித்து இன்னொன்று. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று நாள் போதும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தாலோ, கர்ப்பமாக இருக்கலாம் என்றாலோ இது வேண்டாம்.

கூடவே வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி அடிவயிற்றில் 20 நிமிடம் வையுங்கள். பைக்குள் கொதிநீர் ஊற்றினால் தோல் வெந்துவிடும்.

இப்படிச் செய்தும் மூன்று மாதமாக வலி குறையவில்லையா? உதிரப்போக்கு நின்றபிறகும் வலிக்கிறதா? மலம் கழிக்கையில், உடலுறவில் வலியா? கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாம், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஸ்கேன் சரியாக வந்தாலும் அது இல்லையென்று ஆகிவிடாது. நாள் தள்ளிப்போய் திடீரென ஒருபக்கம் கடுமையாக வலித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.