இருபடிச் சமன்பாடு: காரணிப்படுத்துவதா, சூத்திரமா? தன்மைகாட்டியிலிருந்து தொடங்குங்கள்

பள்ளித் தேர்வு ஒன்றில் 12x² − 17x − 40 = 0 போன்ற ஒரு கணக்குக்காக நான் ஒரு பக்கம் முழுவதையும் செலவழித்தேன். நடு உறுப்பைப் பிரிப்பதற்கு, பெருக்கினால் −480-உம் கூட்டினால் −17-உம் வரும் இரண்டு எண்கள் வேண்டும். 480-க்குக் காரணிச் சோடிகள் ஏராளமாக இருப்பதால், ஒவ்வொன்றாக எழுதி அடித்துக்கொண்டே இருந்தேன். இந்தச் சமன்பாடு காரணிப்படுமா என்பதையே அறியாமல் தேடியதுதான் அன்று நான் செய்த தவறு.

முதலில் வினாவின் ஏவல் சொல்லைப் பாருங்கள். ‘காரணிப்படுத்தித் தீர்க்க’ என்றோ ‘சூத்திர முறையில் தீர்க்க’ என்றோ இருந்தால் அந்த முறையில்தான் விடை எழுத வேண்டும். ‘மூலங்களின் தன்மையைக் காண்க’ என்றால் மூலங்களைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. தன்மைகாட்டியின் குறியை வைத்து முடிவைச் சொன்னால் போதும். வெறுமனே ‘தீர்க்க’ என்று இருக்கும்போதுதான் முறையைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வருகிறது.

அடுத்து, சமன்பாட்டை ax² + bx + c = 0 என்ற வடிவத்துக்குக் கொண்டுவந்து, a, b, c மூன்றையும் அவற்றின் குறியோடு தனி வரியில் எழுதுங்கள். இங்கே a = 12, b = −17, c = −40. பிறகு D = b² − 4ac என்ற தன்மைகாட்டியைக் கணக்கிடுங்கள்.

D = (−17)² − 4 × 12 × (−40) = 289 + 1920 = 2209

பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். c-யைச் சுற்றி அடைப்புக்குறி போடாவிட்டால் 289 − 1920 என்று எழுதி, ‘மெய் மூலங்கள் இல்லை’ என்ற தவறான முடிவுக்குப் போய்விடுவோம். a-யும் c-யும் எதிரெதிர்க் குறியில் இருந்தால் −4ac மிகை எண்ணாகிவிடும். எனவே D ஒருபோதும் குறை எண்ணாக வராது. அப்படி வந்தால் குறியில் பிழை இருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது 2209 முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும். 40² = 1600, 50² = 2500 என்பதால் வர்க்கமூலம் இவற்றுக்கு இடையில் இருக்கும்; கடைசி இலக்கம் 9 என்பதால் அது 43 அல்லது 47 ஆகத்தான் இருக்க முடியும். 47² = 2209. a, b, c முழு எண்களாக இருந்து D-யும் முழு வர்க்கமாக இருந்தால், சமன்பாடு முழு எண் கெழுக்களோடு காரணிப்படும் என்பது உறுதி.

நாம் தேடும் அந்த இரண்டு எண்களையும் தன்மைகாட்டியே தந்துவிடுகிறது. அவற்றை m, n என்று கொண்டால் m + n = b, mn = ac. ஆகவே (m − n)² = b² − 4ac; அதாவது அவற்றின் வித்தியாசம் √D. கூடுதல் −17, வித்தியாசம் 47 என்றால், எண்கள் (−17 + 47)/2 = 15, (−17 − 47)/2 = −32. இனித் தேடலே கிடையாது:

12x² + 15x − 32x − 40 = 3x(4x + 5) − 8(4x + 5) = (3x − 8)(4x + 5)

எனவே x = 8/3 அல்லது x = −5/4.

D முழு வர்க்கமாக இல்லாவிட்டால் காரணிகளைத் தேடாமல் நேரே சூத்திரத்துக்குப் போங்கள். 2x² − 5x − 4 = 0 என்பதில் D = 25 + 32 = 57; ஆகவே x = (5 ± √57)/4. ஏற்கெனவே D-யைக் கண்டுவிட்டதால் சூத்திரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். கெழுக்கள் சிறியவையாக இருந்து காரணிகள் பார்த்தவுடன் தென்பட்டால் இத்தனையும் வேண்டாம்; x² − 5x + 6 = 0-க்கு நான் தன்மைகாட்டியைத் தொடுவதே இல்லை.

பின்சேர்க்கை: k கேட்கும் வினாக்களில் இரண்டு விடைகள் வருகின்றனவே, இரண்டையும் எழுதலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். kx² − 4kx + 12 = 0-இன் மூலங்கள் சமம் எனில் k என்ன? D = 16k² − 48k = 16k(k − 3) = 0 என்பதால் k = 0 அல்லது 3. ஆனால் k = 0 எனில் x² உறுப்பே மறைந்து 12 = 0 என்று நிற்கும்; அது இருபடிச் சமன்பாடே அல்ல. ஆகவே ‘a ≠ 0 என்பதால் k = 0 பொருந்தாது’ என்ற காரணத்தை ஒரு வரியாக எழுதிவிட்டு, k = 3 என்பதை மட்டும் விடையாகக் கொடுங்கள். சரிபார்க்க k = 3 என்று இட்டால் 3x² − 12x + 12 = 3(x − 2)² கிடைக்கிறது; இரண்டு மூலங்களும் 2.