கடைசியில் ஒரு மாதம் கூட்டினால் போதாது: வீடு கட்டும் கால அட்டவணையில் நடக்கும் தவறுகள்

"வேலை எட்டு மாசம் சார். மழை, அப்ரூவல், மெட்டீரியல் எல்லாத்துக்கும் சேத்து ஒரு மாசம் வச்சுக்கலாம். ஒன்பது மாசத்துல சாவி குடுத்துருவேன்."

சென்னையில் வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் கேட்கிறார்கள். சொல்பவர் ஏமாற்றுவதற்காகச் சொல்வதில்லை. அந்த ஒரு மாதத்தை அட்டவணையின் கடைசியில் வைப்பதுதான் பிழை. மழையும் அனுமதியும் பொருள் தாமதமும் கடைசியில் வருவதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு இடத்தில் வந்து நிற்கிறது, ஒன்று நகர்ந்தால் மற்றொன்றையும் இழுத்துக்கொண்டு போகிறது.

நான் வேலை பார்த்த ஒரு வீட்டை எடுத்துக்கொள்கிறேன். சென்னையின் தென்புறம், களிமண் பூமி, தளத்துக்கு 1200 சதுர அடி வீதம் தரைத்தளமும் முதல் தளமும். தடையே இல்லாவிட்டால் அஸ்திவாரம் தோண்டி, சுவர் எழும்பத் தொடங்கும் பேஸ்மட்டம் வரை 7 வாரம், அங்கிருந்து தரைத்தள ரூஃப் கான்கிரீட் வரை 7 வாரம், முதல் தளத்து ரூஃப் வரை 6 வாரம், பூச்சும் வயரிங்கும் பிளம்பிங்கும் 8 வாரம், தரை, கதவு, பெயின்ட் 8 வாரம். மொத்தம் 36 வாரம். ஜூன் 1 அன்று தொடங்கினால் செப்டம்பர் முதல் வாரத்தில் தரைத்தள ரூஃப் போட்டுவிடலாம், பிப்ரவரியில் வேலை முடியும். கடைசியில் 4 வாரம் கூட்டி, மார்ச்சில் குடி போகலாம் என்று சொன்னோம். வீட்டுக்காரரும் அதை நம்பி, வாடகை வீட்டை மார்ச்சில் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார்.

நடந்தது இதுதான். திட்ட அனுமதிக்கான வரைபடம் இரண்டு முறை திருத்தத்துக்குத் திரும்பி வந்து, ஜூலை 20 வாக்கில் அனுமதி கிடைத்தது. 7 வாரத் தாமதம். அப்போது ஆடி பிறந்திருந்தது. பூமி பூஜை போடாமல் மண்வெட்டியை எடுக்க அந்தக் குடும்பத்துக்கு மனமில்லை. ஆவணி பிறந்து, ஆகஸ்ட் 20 அன்றுதான் தொடங்கினோம். செப்டம்பர் மாத மாலை மழைகளில் குழி இரண்டு முறை நிரம்பியது. அக்டோபர் மூன்றாம் வாரம் வடகிழக்குப் பருவமழை பிடித்தபோது குழி இன்னும் திறந்தே கிடந்தது. பேஸ்மட்டம் முடிய நவம்பர் 20 ஆகிவிட்டது. 7 வார வேலை 13 வாரம் இழுத்தது. அப்புறம் செங்கல்லுக்குக் காத்திருந்தோம், டிசம்பர் மழை, பொங்கலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் என்று நாள் போய், தரைத்தள ரூஃப் ஜனவரி கடைசியில்தான் விழுந்தது. செப்டம்பர் முதல் வாரத்துடன் ஒப்பிட்டால் 21 வாரத் தாமதம்.

அனுமதி தாமதித்தது 7 வாரம்தான். மீதி 14 வாரம் அந்த 7 வாரம் எங்களை எந்த மாதத்துக்குள் தள்ளிவிட்டது என்பதால் வந்தது. கடைசியில் வைத்த 4 வாரம் இதில் எந்த மூலைக்கும் காணவில்லை.

மழையை நாள் எண்ணிக்கையாக மட்டும் பார்ப்பது

ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அதை மழை நாள் என்று இந்திய வானிலைத் துறை கணக்கிடுகிறது. சென்னையில் அக்டோபரிலும் நவம்பரிலும் சராசரியாக மாதத்துக்கு 10 முதல் 12 மழை நாட்கள் வரும். அதனால் மாதத்துக்கு 10 நாள் கழித்தால் போதும் என்று சிலர் எழுதுகிறார்கள். சைட்டில் அப்படி நடப்பதில்லை. ஒரு மழை எத்தனை நாளைத் தின்னும் என்பது அன்று என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

அஸ்திவாரக் குழியில் ஒரு மாலை நல்ல மழை பெய்தால், மறுநாள் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டும். சரிந்த பக்க மண்ணை அள்ள வேண்டும். களிமண்ணானால் குழியின் அடி ஊறிப்போய் சேறாகியிருக்கும், அந்தச் சேற்றை முழுக்க வழித்துவிட்டுத்தான் ஜல்லிக் கான்கிரீட் போட முடியும். ஒரு மழைக்கு மூன்று நாள் போகும். நவம்பரில் நிலத்தடி நீரும் மேலே ஏறிவிடுவதால், வெயில் அடிக்கும் நாளிலும் குழியில் ஊற்று வரும். அதனால் அந்த இரண்டு மாதங்களில் குழி வேலைக்குப் பாதி நாள் கிடைத்தால் பெரிது என்று கணக்கு வைக்கிறேன்.

ரூஃப் கான்கிரீட் வேறு மாதிரி. கம்பி கட்டுவதும், கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டுமான செண்ட்ரிங் அடிப்பதும் தூறலிலும் நடக்கும். கான்கிரீட் போடும் அந்த ஒரு நாளும் அது இறுகும் வரையான சில மணி நேரமும் மட்டும் வானம் ஒத்துழைத்தால் போதும். இறுகிய பிறகு பெய்யும் மழை தண்ணீர் காட்டுகிற வேலையை நமக்காகச் செய்துவிடும். இங்கே நாள் கழிப்பதைவிட, கான்கிரீட் தேதிக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் நகர்த்த இடம் விட்டு வைப்பதுதான் பயன்படும்.

வெளிப்பூச்சு, பட்டி, பெயின்ட் ஆகியவற்றில் மழை நின்ற பிறகும் சேதம் தொடரும். ஈரம் காயாத சுவரில் பட்டி பார்த்தால் சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். உள்பூச்சுக்கும் வயரிங்குக்கும் மழையால் பெரிய தொந்தரவில்லை. ஆகவே மழைக்கான நாட்களை அஸ்திவாரத்துக்கும் வெளிப்பூச்சுக்கும் பெயின்டுக்கும் எதிரே, அவை எந்த மாதத்தில் விழுகின்றன என்று பார்த்து எழுதுங்கள். தேதி நகர்ந்தால் அந்த நாட்களையும் மறுபடி கணக்கிடுங்கள். ஜூனில் தொடங்கும் அஸ்திவாரத்துக்கு ஒரு வாரம் கூடுதலாகப் போதும், செப்டம்பர் நடுவில் தொடங்கும் அதே அஸ்திவாரத்துக்கு ஐந்தாறு வாரம் வேண்டும்.

சென்னைப் பக்கம் நான் பிடித்துக்கொள்ளும் ஒரே கெடு: செப்டம்பர் முடிவதற்குள் பேஸ்மட்டம் தரைக்கு மேலே வந்து, மண் நிரப்பி முடிந்திருக்க வேண்டும்.

அனுமதியை ஒரே தேதியாக எழுதுவது

விண்ணப்பித்த நாளிலிருந்து இத்தனை நாளில் கிடைக்கும் என்று கேட்டு, அந்தத் தேதியை அப்படியே அட்டவணையில் எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒரு திருத்தம் கேட்டு வரைபடம் திரும்பினால், நாம் திருத்தி ஏற்றும் வரை அது நம் மேசையில்தான் கிடக்கும். நான் பார்த்தவரை, பல கேள்விகளுக்குக் காரணம் கட்டடத்தின் வரைபடமே இல்லை. பட்டாவில் ஒரு பெயர், பத்திரத்தில் முதலெழுத்து வேறு. நில அளவைத் துறையின் புலப்படத்தில் உள்ள அளவும் மனையில் நாடா பிடித்த அளவும் ஓரடி வித்தியாசம். இவற்றை விண்ணப்பத்துக்கு முன்பே சரிபார்த்துவிட்டு, அதன் பிறகும் ஒரு திருத்தச் சுற்றுக்கு 3 வாரம் வைப்பது என் வழக்கம். 2500 சதுர அடிக்குள் மனை, 3500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், தமிழ்நாட்டில் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் உடனடி அனுமதி உண்டு. அதிலும் பத்திரம் சரியாக இருக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்புதான்.

அனுமதிக்காகக் காத்திருக்கும் நாட்களைச் சும்மா விடுவதும் தவறு. மேலே சொன்ன வீட்டில், ஆனியிலேயே ஒரு நல்ல நாளில் பூஜையை மட்டும் போட்டு வைத்திருந்தால் அனுமதி கைக்கு வந்ததும் ஜூலை 20 அன்றே தோண்டியிருக்கலாம். பூஜை முன்பே போட்டாகிவிட்டால் ஆடியில் வேலை நடக்கப் பல குடும்பங்கள் ஒத்துக்கொள்கின்றன. செப்டம்பர் நடுவில் பேஸ்மட்டம் முடிந்திருக்கும். மழையில் சுவர் வேலை கொஞ்சம் இழுத்தாலும் நவம்பர் கடைசி வாக்கில் தரைத்தள ரூஃப் விழுந்திருக்கும். ஒரு பூஜைத் தேதியில் ஒன்பது பத்து வாரம் போயிற்று. இதை முன்கூட்டி அவர்களிடம் பேசாதது என் தவறு.

முடிவில் வரும் அனுமதிகளைப் பலர் மறந்தே விடுகிறார்கள். கழிவுநீர் இணைப்புக்குச் சாலையை வெட்ட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுகளைச் சென்னை மாநகராட்சி வழக்கமாக நிறுத்திவைக்கும். உங்கள் வீடு நவம்பரில் முடிவதாக இருந்தால், பெயின்ட் காய்ந்து வீடு தயாராக நிற்க, இணைப்புக்காக ஜனவரி வரை காத்திருக்க நேரலாம். அந்த விண்ணப்பத்தின் தேதியைச் செப்டம்பருக்கு முன்னால் வைக்க வேண்டும்.

பொருளுக்கு "இரண்டு வாரம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது

சிமென்ட், கம்பி, எம் சாண்ட் ஆகியவை பெரும்பாலும் சொன்ன ஓரிரு நாளில் வரும். இவற்றுக்குத் தனியாக வாரக்கணக்கில் நாள் வைக்கத் தேவையில்லை. சிமென்டை மழைக்காலத்தில் வாங்கி அடுக்கவும் கூடாது, ஈரக்காற்றில் கட்டி தட்டிவிடும்.

வேலையை நிறுத்துவது செய்து வாங்கும் பொருட்கள். எங்கள் வீட்டில் முதலில் நிறுத்தியது செங்கல். மழைக்காலத்தில் பச்சைக்கல் காயாது என்பதால் சூளைகளில் உற்பத்தி நின்றுவிடும், இருப்பில் உள்ள கல்லுக்கு விலை ஏறும். அக்டோபருக்கு முன்பே பேசி முன்பணம் கொடுத்திருக்க வேண்டும். அடுத்தது வாசக்கால். சுவர் எழும்பும்போதே நிறுத்த வேண்டிய சட்டம் அது, ஆனால் தச்சரிடம் சொல்லும் நாளை எல்லோரும் கதவு வேலையோடு சேர்த்துக் கடைசியில் எழுதுகிறார்கள். மரம் பார்த்து, அறுத்து, இழைத்துத் தர நாலைந்து வாரம் ஆகும் என்றால், சுவர் தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி அஸ்திவாரம் நடக்கும்போதே சொல்லிவிட வேண்டும். யுபிவிசி ஜன்னலும் இப்படித்தான். பூச்சு முடிந்து அளவெடுக்கலாம் என்று விட்டால், அதற்கப்புறம் தயாரிக்கும் வாரங்கள் முழுக்க வெறும் காத்திருப்பு. பூச்சுக் கனத்தைக் கழித்து, திறப்பின் இறுதி அளவை முன்பே முடிவுசெய்து கொடுத்துவிட்டு, கொத்தனாரை அந்த அளவுக்குப் பூசச் சொல்லலாம்.

மூன்று தாமதத்தையும் அப்படியே கூட்டுவதும் சரியல்ல. ஜன்னல் வர 2 வாரம் தாமதம், அதே 2 வாரம் மழையால் வெளிப்பூச்சும் நின்றது என்றால் போனது 2 வாரம்தான், 4 இல்லை.

இழந்த நாளைக் கான்கிரீட்டில் பிடிப்பது

தாமதமானதும் முதலில் கைவைக்கும் இடம் செண்ட்ரிங் பிரிக்கும் நாள். இதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்வதில்லை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456-ன்படி, 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு 7 நாளாவது நிற்க வேண்டும், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையிலான பீமுக்கு 14 நாள், அதைத் தாண்டினால் 21. இவை குறைந்தபட்ச நாட்கள். இவை தாமதத்துக்கான ஒதுக்கீடு அல்ல, வேலையின் பகுதி. அட்டவணையில் தனி வரியாக எழுதி வைத்தால், அவற்றிலிருந்து நாள் கடன் வாங்குவது உடனே கண்ணில் படும்.

ஒப்பந்தத்தில் "மழையால் தாமதமானால் காலம் நீட்டிக்கப்படும்" என்று மட்டும் எழுதினால் ஒவ்வொரு தூறலும் தகராறாகும். வழக்கமான மழைக்கான நாட்கள் அட்டவணையிலேயே இருக்கின்றன, அதற்கு மேல் போனால்தான் நீட்டிப்பு என்று எழுதி, எந்த வேலைக்கு எத்தனை நாள் என்பதையும் குறிப்பிடுங்கள். சைட்டில் ஒரு நோட்டில் தினமும் மழை பெய்ததா, எந்த வேலை நின்றது, எத்தனை ஆட்கள் திரும்பிப் போனார்கள் என்று மேஸ்திரி எழுதி, வாரத்துக்கு ஒருமுறை இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.