வவுச்சர் கோட்: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

வவுச்சர் கோடில் பூஜ்யமும் O-வும் வரக்கூடாது, 1-ம் I-யும் வரக்கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். அதைச் செய்துவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாடிக்கையாளர் படிக்கச் சுலபமாக இருக்க வேண்டும், வெளியாள் ஊகிக்க முடியாமலும் இருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி வேலைகள். முதலாவதை ஒழுங்காகச் செய்தவர்கள்கூட இரண்டாவதில் வழுக்கி விழுகிறார்கள்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு துணிக்கடை தலா 500 ரூபாய்க்கு 50,000 வவுச்சர்கள் விடுகிறது. கோட் சில நேரம் பில்லில் அச்சாகும், சில நேரம் எஸ்.எம்.எஸ்ஸில் போகும். வாடிக்கையாளர் அதைக் கடையின் தளத்தில் டைப் செய்வார், அல்லது கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டுவார்.

கோடை உருவாக்கிய பிறகு எழுத்தை மாற்றுவது

36 எழுத்து–எண்களிலிருந்து கோடை உருவாக்கிவிட்டு, கடைசியில் `replace("0", "X")`, `replace("O", "X")` என்று வரிசையாகத் தட்டுவது புதியவர்களின் வழக்கம். இதனால் X மற்றவற்றைவிட மூன்று மடங்கு அதிகமாக வரும் என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு. `A0K7` என்றும் `AOK7` என்றும் தனித்தனியாக இருந்த இரண்டு கோட்களும் மாற்றத்துக்குப் பிறகு `AXK7` என்றே ஆகிவிடும். ஒரே கோட் இரண்டு முறை வந்திருக்கிறதா என்ற சோதனையை மாற்றத்துக்கு முன்பே செய்திருந்தால், ஒரே கோட் இரண்டு வாடிக்கையாளர் கைக்குப் போகும். ஆகவே எந்தெந்த எழுத்துகள் என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, அவற்றிலிருந்து மட்டும் பொறுக்குங்கள்.

எந்த எழுத்துகள் என்று புதிதாக யோசிக்கத் தேவையில்லை. கூகுளின் பிளஸ் கோட் முகவரிகளுக்குப் பயன்படும் 20 எழுத்துகள் இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்தும்:

```
23456789CFGHJMPQRVWX
```

இதில் 0, O, 1, I, L எதுவும் கிடையாது. 8 இருப்பதால் B இல்லை, 5 இருப்பதால் S இல்லை, 2 இருப்பதால் Z இல்லை. A, E, I, O, U ஐந்துமே இல்லாததால் பில்லில் தற்செயலாக ஒரு கெட்ட வார்த்தை அச்சாகும் வாய்ப்பும் மிகக் குறைவு. போனில் வாசிக்கும்போது நம் காதுக்கு P-யும் B-யும் ஒன்றாகவே விழும், T-யும் D-யும் அப்படித்தான். இங்கே P மட்டும் இருக்கிறது, மற்ற மூன்றும் இல்லை. M இருக்கிறது, N இல்லை. ஒரே உறுத்தல் G-யும் 6-ம் சேர்ந்து இருப்பது. மங்கலாக அச்சாகும் தெர்மல் பில்லில் இந்த ஜோடி தொல்லை கொடுத்தால் G-யை எடுத்துவிட்டு 19 எழுத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுத்தை நீக்கியதோடு பாதி வேலைதான் முடிந்தது. மறுபக்கத்தில் வாடிக்கையாளர் என்னத்தையாவது டைப் செய்வார். 8-ஐ B என்று படித்து B அடிப்பார். நம் பட்டியலில் B-யே இல்லாததால் அவர் பார்த்தது 8 என்று தெரிந்துவிடுகிறது, சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். S வந்தால் 5, Z வந்தால் 2, U வந்தால் V. சிறிய எழுத்தைப் பெரியதாக்க வேண்டும், இடைவெளியையும் கோடுகளையும் நீக்க வேண்டும். மெசேஜிலிருந்து காப்பி செய்யும்போது சாதாரண `-` நீளமான `–` ஆக மாறி வருவதுண்டு, அதையும் சேர்த்து நீக்குங்கள். இந்தத் திருத்தங்களால் செல்லுபடியாகும் கோட்களின் எண்ணிக்கை கூடுவதில்லை, பாதுகாப்பும் குறைவதில்லை.

நீளத்தை மட்டும் பார்த்து, புழக்கத்தில் உள்ள எண்ணிக்கையை மறப்பது

20 எழுத்தில் 8 இடம் என்றால் மொத்தம் 2,560 கோடி கோட்கள். கேட்பதற்குப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் திருடனுக்குக் குறிப்பிட்ட ஒரு வவுச்சர் தேவையில்லை. 50,000-இல் ஏதாவது ஒன்று சிக்கினால் போதும். 2,560 கோடியை 50,000-ஆல் வகுத்தால் 5,12,000. நொடிக்குப் பத்து கோட் முயன்று பார்க்கும் ஒரு ஸ்கிரிப்ட் சராசரியாகப் பதினான்கு மணி நேரத்துக்கு ஒரு 500 ரூபாயை எடுத்துவிடும். 12 இடமாக ஆக்கினால் அதே வேகத்தில் ஒன்று சிக்கச் சுமார் 260 ஆண்டுகள் ஆகும். `7XQ4-9HMC-2RVF` என்று நான்கு நான்காகப் பிரித்து அச்சிட்டால் 12 எழுத்து யாருக்கும் பாரமில்லை.

`PONGAL-` முன்னொட்டை நீளத்தில் சேர்ப்பது

அது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. `PONGAL-7X3Q`-இல் இருக்கும் ரகசியம் நான்கே எழுத்து, அதாவது 1,60,000 வாய்ப்புகள்.

ரேண்டம் போலத் தெரிவதை ரேண்டம் என்று நம்புவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இந்தத் தவறில்தான், ஏனென்றால் இதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. எழுத்துப் பட்டியல் சரியாக இருக்கும், 12 இடம் இருக்கும், கோட்கள் கண்ணுக்கு நன்றாகக் கலைந்திருக்கும். உள்ளே இப்படி இருக்கும்:

```python
random.seed(int(time.time()))
code = "".join(random.choice(ALPHABET) for _ in range(12))
```

`random` என்பது கணக்குப் போட்டு எண்களை வரிசையாகத் தரும் ஒரு சூத்திரம். தொடக்க எண்ணை ஒன்றாகக் கொடுத்தால் வரிசையும் எப்போதும் ஒன்றாகவே வரும். இங்கே தொடக்க எண் கடிகாரத்தின் நொடி. முப்பது நாளில் மொத்தம் 25,92,000 நொடிகள்தான் உண்டு. 12 எழுத்தில் 4,096 லட்சம் கோடி கோட்கள் இருக்கலாம் என்று நாம் மார்தட்டிக்கொண்டாலும், உண்மையில் அந்த மாதம் வரக்கூடிய வரிசைகள் 26 லட்சத்துக்கும் குறைவு.

திருடன் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காசு கொடுத்து ஒரு வவுச்சர் வாங்குவான். கடந்த மாதத்தின் ஒவ்வொரு நொடியையும் தொடக்க எண்ணாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் 500 கோட்களை உருவாக்கி, தன் கோட் அதில் இருக்கிறதா என்று பார்ப்பான். எழுத்துப் பட்டியலை நாம் எந்த வரிசையில் எழுதியிருக்கிறோம் என்பதை அவன் ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் எண்கள் முதலில், பிறகு அகர வரிசை. வாங்கிய கோட் முதல் 500-க்குள் இருந்துவிட்டால் அந்த நொடி எது என்று தெரிந்துவிடும். நன்றாக எழுதிய ஒரு சி நிரலுக்கு ஒரு சாதாரண மடிக்கணினியில் இது சில நிமிட வேலைதான். அதன் பிறகு அவன் எதையும் ஊகிக்கத் தேவையில்லை. மீதி 49,999 கோட்களையும் அதே வரிசையில் அச்சிட்டுக்கொள்வான். நம் சர்வருக்கு ஒரு தவறான முயற்சிகூட வராது என்பதால் எந்த எச்சரிக்கையும் அடிக்காது. கணக்கு முடிக்கும்போதுதான் துண்டு விழுவது தெரியும்.

`seed` வரியை மட்டும் நீக்கினால் இந்தக் குறிப்பிட்ட ஓட்டை அடைபடும், ஆனாலும் போதாது. பைத்தானின் `random` பயன்படுத்தும் மெர்சென் டுவிஸ்டரில் 32 பிட் வெளியீடுகள் 624 தொடர்ந்து கிடைத்தால் அடுத்து வருவதை எல்லாம் கணக்கிட்டுவிடலாம். குரோமிலும் நோடிலும் உள்ள `Math.random()`-இன் உள்நிலை 128 பிட் மட்டுமே. அடுத்தடுத்து உருவான சில கோட்கள் கையில் இருந்தால் அதையும் மீட்க முடியும். இவை மோசமான கருவிகள் அல்ல. விளையாட்டுக்கும் சிமுலேஷனுக்கும் செய்தவை, பணத்துக்குச் செய்தவை அல்ல.

இதே நோய் வேறு வேஷத்திலும் வரும். பி.எச்.பி-யின் `uniqid()` தரும் `6553f1000a3c2` போன்ற சரத்தைப் பாருங்கள். முதல் எட்டு எழுத்தும் வெறும் கடிகாரம். `6553f100` என்பது 1700000000, அதாவது இந்திய நேரப்படி 2023 நவம்பர் 15 அதிகாலை 3 மணி 43 நிமிடம் 20 நொடி. மீதி ஐந்து எழுத்து மைக்ரோ நொடி. ஆர்டர் எண்ணை `md5`-இல் போட்டு முதல் பத்து எழுத்தை எடுப்பதும் இதே ரகம். ஆர்டர் எண் 10482 என்றால் அடுத்தது 10483 என்று யாருக்குத் தெரியாது?

கண்டுபிடிக்க ஒரு வழி: நிரலை இரண்டு டெர்மினல்களில் ஒரே நொடியில் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒரே கோட்கள் வந்தால் கடிகாரத்தைத்தான் நம்பியிருக்கிறீர்கள். வேறு வேறாக வந்தால் நிரல் சரி என்று ஆகிவிடாது. எந்தச் செயற்கூறு எழுத்தைப் பொறுக்குகிறது என்று நிரலைத் திறந்து படித்தே ஆக வேண்டும். பைத்தானில் `secrets`, பி.எச்.பி-யில் `random_int()`, நோடில் `crypto.randomInt()` இருக்க வேண்டும்.

```python
import secrets

ALPHABET = "23456789CFGHJMPQRVWX"

def new_code():
    s = "".join(secrets.choice(ALPHABET) for _ in range(12))
    return "-".join((s[0:4], s[4:8], s[8:12]))
```

இதைத் தவிர்த்து, பைட்டை 20-ஆல் வகுத்து மீதியை எடுத்தால் சில எழுத்துகள் கொஞ்சம் அதிகமாக வரும் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான்: முதல் 16 எழுத்துகள் 256-க்கு 13 முறை, கடைசி நான்கு 12 முறை. 12 எழுத்துக் கோடுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கவலையைக் கடிகாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கோட் திரும்ப வந்தால் சத்தமில்லாமல் மறுமுறை உருவாக்குவது

டேட்டாபேஸில் யுனிக் கட்டுப்பாடு வைப்பது சரி. ஆனால் மோதல் வந்தால் `try/except` போட்டு அடுத்ததற்குப் போகும் நிரல் முக்கியமான ஒரு தகவலை விழுங்கிவிடுகிறது. 12 இடத்தில் 50,000 கோட்கள் உருவாக்கும்போது எங்காவது ஒரு ஜோடி ஒன்றாக அமையும் வாய்ப்பு ஒரு கோடியில் மூன்று. ஒரே ஒரு மோதல் வந்தாலும் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே தொடக்க நிலையோடு இரண்டு பிராசஸ்கள் ஓடுகின்றன, அல்லது யாரோ பழைய `random`-ஐத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். மோதலை லாகில் பதிந்து, அந்தத் தொகுதியையே நிறுத்துங்கள்.

"காலாவதியாகிவிட்டது" என்று யாருக்கும் சொல்வது

இல்லாத கோடுக்கு ஒரு பதில், காலாவதியான கோடுக்கு வேறு பதில் என்றால், தான் தட்டியது உண்மையான கோட் என்று திருடனுக்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம். லாகின் செய்யாதவருக்கு ஒரே பதில் போதும்.

ஐ.பி முகவரியை வைத்து மட்டும் தடுப்பது

மொபைல் நெட்வொர்க்கில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே ஐ.பி-க்குப் பின்னால் இருப்பார்கள். ஒருவன் செய்த வேலைக்கு எல்லோரும் தடைபடுவார்கள், அவனோ வேறு ஐ.பி-க்குத் தாவிவிடுவான். எண்ணிக்கையைக் கணக்கு வாரியாக வையுங்கள்: ஒரு கணக்குக்கு மணிக்கு பத்து தவறான முயற்சி. அதோடு மொத்தத் தளத்துக்கும் தவறான முயற்சிகளின் எண்ணிக்கையைத் தனியாகக் கவனியுங்கள். வழக்கத்தைவிட அது திடீரென்று ஏறினால், எத்தனை ஐ.பி-யிலிருந்து வந்தாலும், யாரோ கோட்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள்.