மல்லாந்த கொசு செத்த கொசு அல்ல: மருந்து எதிர்ப்புச் சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மழைக்காலத்தில் பால் வெட்டு நின்றதும் மரத்தில் கட்டிய சிரட்டைகளில் தண்ணீர் தேங்கும். அங்கே எடுத்த கொசுப் புழுக்களை வளர்த்து, பைரித்ராய்டு வகைக் கொசு மருந்தான டெல்டாமெத்ரினுக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனையில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தவறு கொசுவைப் பார்க்காமலே தொடங்குவது. தோட்டத்துச் சிரட்டைகளில் பெரும்பாலும் ஏடிஸ் ஆல்போபிக்டஸ்தான் கிடைக்கும். முதுகில் ஒற்றை வெள்ளைக் கோடு அதன் அடையாளம். கடற்கரை ஊர்களின் டிரம், தொட்டிகளில் வளரும் ஏடிஸ் எஜிப்டிக்கு யாழ் வடிவக் கோடுகள் இருக்கும். இரண்டையும் கலந்து ஒரே சதவீதம் சொன்னால் அது எந்த இனத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது. ஒரே சிரட்டையிலிருந்து எல்லாப் புழுக்களையும் அள்ளுவதும் அப்படித்தான். அக்கா தங்கைகளை மட்டும் சோதித்துவிட்டு தோட்டம் முழுவதற்கும் தீர்ப்பு எழுதுவதாகும்.

சோதனைக்கு 3 முதல் 5 நாள் வயதான, இரத்தம் குடிக்காத பெண் கொசுக்கள் வேண்டும். வீட்டுச் சுவரில் பிடித்த கொசு ஆகாது. அதன் வயது தெரியாது. இரத்தம் குடித்திருந்தால் மருந்தைத் தாங்கும் திறன் கூடிவிடும்.

மருந்துத் தாளிலும் கவனம் வேண்டும். ஏடிஸுக்கான டெல்டாமெத்ரின் தாள் 0.03 சதவீதம், மலேரியாக் கொசுவான அனாபிலிஸுக்கானது 0.05 சதவீதம். கையில் இருக்கிறதே என்று இரண்டாவதை ஏடிஸுக்குப் போட்டால் எதிர்ப்புள்ள கொசுவும் செத்து, "மருந்து கேட்கிறது" என்று முடிவு வரும். மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழாயில் வெறும் காகிதம் வைக்கக் கூடாது. மருந்துத் தாளில் பூசிய அதே எண்ணெய், அதாவது பைரித்ராய்டுக்கு சிலிக்கோன் எண்ணெய், பூசிய தாளே வைக்க வேண்டும்.

குழாய்க்கு 20 முதல் 25 கொசு, மருந்துக்கு 4 குழாய், ஒப்பீட்டுக்கு 2. ஒரு மணி நேரம் தாளோடு வைத்து, பிறகு தாளில்லாத குழாய்க்கு மாற்றி, சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு கொடுத்து 24 மணி நேரம் 25 முதல் 29 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். அறுபதாவது நிமிடத்தில் மல்லாந்து கிடப்பவற்றை எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். அது விழுந்த கணக்கு. நச்சை உடைக்கும் நொதிகள் நிறைய உள்ள கொசு விழுந்த பின்னும் இரவு முழுக்க மருந்தைச் சிதைத்து, காலையில் எழுந்து பறக்கும். 24 மணி நேரத்துக்குப் பிறகும் நிற்கவோ ஒழுங்காகப் பறக்கவோ முடியாததையே செத்ததாகக் கொள்ள வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மருந்துக் குழாய்களில் 100-இல் 82, ஒப்பீட்டில் 50-இல் 4, அதாவது 8 சதவீதம் செத்தன. ஒப்பீட்டு இறப்பு 5 முதல் 20 சதவீதத்துக்குள் இருந்தால் அபாட் சூத்திரத்தால் திருத்த வேண்டும்: (82 − 8) ÷ (100 − 8) × 100 = 80.4. இருபதைத் தாண்டினால் திருத்தவே கூடாது. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். 98 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து கேட்கிறது, 90-க்குக் கீழ் என்றால் எதிர்ப்பு உறுதி, இடையில் வந்தால் சந்தேகம். நம்முடையது எதிர்ப்பு.

ஏன் எதிர்ப்பு என்பது வேறு கேள்வி. டெல்டாமெத்ரின் நரம்பில் உள்ள சோடியம் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்த வாயிலிலேயே ஓர் அமினோ அமிலம் மாறிவிட்டால் பிடி நழுவும். ஏடிஸில் 1016-வது, 1534-வது இடங்களில் இத்தகைய மாற்றங்கள் தெரிந்தவை. இன்னொரு வழி, வாயிலை எட்டும் முன்பே மருந்தை நொதிகள் உடைப்பது. இரண்டையும் பிரித்தறிய பைப்பெரோனில் பியூடாக்சைடு 4 சதவீதத் தாளில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, உடனே மருந்துத் தாளுக்கு மாற்றுவார்கள். இது மருந்தை உடைக்கும் பி450 என்ற வகை நொதிகளை முடக்கும். இப்போது திருத்திய இறப்பு 80.4-இலிருந்து 95-க்கு ஏறியது என்று கொள்வோம். "நொதிதான் காரணம்" என்று இங்கே நிறுத்துவது அடுத்த தவறு. நொதியை அடக்கியும் 98-ஐ எட்டவில்லை; மிச்சத்துக்கு வாயில் மாற்றமோ, இந்தத் தாள் தொடாத வேறு நொதிகளோ காரணமாகலாம். அதைச் சொல்ல மரபணுச் சோதனை வேண்டும், அதுவும் பிழைத்தவற்றோடு செத்தவற்றையும் சேர்த்து. பிழைத்தவற்றில் மட்டும் மாற்றத்தைக் கண்டால், அது செத்தவற்றிலும் அதே அளவு இருந்ததா என்று தெரியாது.

80.4 என்பது எத்தனை கொசுவுக்கு எதிர்ப்பு உண்டு என்பதையே காட்டும். எதிர்ப்பு எவ்வளவு வலுவானது என்று அறிய அதே தாளின் 5 மடங்கு, 10 மடங்கு அளவில் மறுபடி சோதிக்க வேண்டும்.